வந்தது சிறுத்தையா, நாயா?

மலையடிவார ஊர்களில் இரவோடு இரவாக ஓர் ஆடு காணாமல் போனால், விடிவதற்குள் 'சிறுத்தை வந்திருச்சு' என்ற பேச்சு பரவிவிடும். அங்கே போகும் வனக் காவலர்கள் வாய்க்கால் ஓரத்துச் சேற்றையும் வண்டிப்பாதைப் புழுதியையும் தேடுவார்கள். நடந்து போன விலங்கு தன் அடையாளத்தை அங்கேதான் விட்டிருக்கும். தேடிக் கிடைக்கும் தடம் பல நேரங்களில் ஊர் நாயுடையதாக இருப்பதும் உண்டு.

இரண்டையும் பிரித்தறிய எல்லோரும் சொல்லும் முதல் அடையாளம் நகம். பூனைக் குடும்பத்து விலங்குகள் நடக்கும்போது நகங்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாயால் அது முடியாது. விரல்களுக்கு முன்னால் நகக்குறி விழும். ஆனால் நகத்தை மட்டும் நம்பினால் ஏமாறலாம். இறுகிய தரையில் நாயின் நகம் பதியாமல் போகும். வழுக்கும் சேற்றில் சிறுத்தையும் பிடிப்புக்காக நகத்தை நீட்டும்.

நடுவிலுள்ள பெரிய திண்டு இதைவிட நம்பகமானது. சிறுத்தையின் திண்டு அகலமானது, அதன் பின்விளிம்பு மூன்று வளைவுகளாகப் பிதுங்கியிருக்கும். நாயின் திண்டு சிறியது, ஏறக்குறைய முக்கோண வடிவம். விரல்களையும் பார்க்க வேண்டும். நாய்த்தடத்தில் நடு இரண்டு விரல்களும் ஒரே மட்டத்தில் நிற்கும், இடது பாதியும் வலது பாதியும் ஒத்துப்போகும். சிறுத்தைக்கு ஒரு விரல் மட்டும் முந்தி நிற்கும். வலது கையைத் தரையில் குப்புற வைத்து, கட்டைவிரலை விட்டுவிட்டுப் பாருங்கள்: இடமிருந்து இரண்டாவதான நடுவிரல்தான் நீளம். சிறுத்தையின் வலது காலிலும் அதே இடத்து விரல்தான் முந்தும், இடது காலில் இது அப்படியே திரும்பும். ஒற்றைத் தடத்தை வைத்தே எந்தப் பக்கத்துக் கால் என்று சொல்ல முடிவது இதனால்தான்.

வாழைத்தோப்பு வாய்க்காலில் இப்படி ஒரு தடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அகலம் சுமார் 8 சென்டிமீட்டர், நகக்குறி இல்லை, மூன்று வளைவுத் திண்டு, முந்தி நிற்பது இடமிருந்து இரண்டாவது விரல். காட்டுப்பூனைக்கு இது மிகப் பெரிது, வளர்ந்த புலிக்குச் சிறிது. ஆக, சிறுத்தையின் வலது கால். அதன் மேல் பாதி ஏறியபடி, சற்றே ஒடுங்கிய இன்னொரு தடம் தெரிகிறது. அது பின்கால். தலை, தோள்களின் பாரத்தைத் தாங்குவதால் முன்பாதம்தான் அகலமாக இருக்கும்.

அந்த ஏறிய தடத்திலேயே நடையும் தெரிந்துவிடுகிறது. சிறுத்தை நிதானமாகப் போகும்போது பின்கால், முன்கால் பதிந்த இடத்திலேயோ அதை ஒட்டியோ விழும். இரையை நெருங்கிப் பதுங்கும்போது இது இன்னும் துல்லியமாகும். முன்கால் ஏற்கெனவே சோதித்த இடத்தில் பின்காலை வைத்தால் சருகு நொறுங்காது. வேகம் கூடக் கூடப் பின்கால் முன்தடத்தைத் தாண்டி முன்னே விழும். பாய்ந்து ஓடியிருந்தால் நான்கு தடங்கள் ஒரு கூட்டமாகவும், பிறகு நீண்ட வெற்றிடமும், மீண்டும் ஒரு கூட்டமுமாகக் கிடைக்கும். தடத்தின் பின்பக்கம் சேறு சிதறியிருக்கும். முயல் துள்ளும்போது பின்காலின் பெரிய தடங்கள் முன்கால் தடங்களுக்கு முன்னால் விழும். பழகாதவர்கள் இதைப் பார்த்து முயல் எதிர்த்திசையில் போனதாக நினைத்துவிடுவார்கள்.

அளவு எடுப்பதில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. குழைந்த சேற்றில் பாதம் விரியும், தடத்தின் வாய் இன்னும் விரியும். மேல்விளிம்பை அளந்தால் சிறுத்தை புலியாகிவிடும்! தடத்தின் அடித்தரையை அளக்க வேண்டும். உலர்ந்த மணலிலோ ஓரம் சரிந்து உள்ளே விழுவதால் வடிவமே கலைந்துவிடும். எப்போது போனது என்பதற்கும் தடத்திலேயே குறிப்பு இருக்கிறது. விளிம்பு கூர்மையாக இருந்தால் புதிது. அதன் குறுக்கே பூச்சி ஊர்ந்த கோடோ, மழைத்துளியின் குழியோ இருந்தால், அவற்றுக்கு முன்பே விலங்கு கடந்துவிட்டது.

தடத்தை வைத்து எவ்வளவு தூரம் சொல்லலாம் என்பதற்கு இந்தியாவில் ஒரு பெரிய பாடமே நடந்தது. 1960-களில் ஒடிசாவின் வன அதிகாரி எஸ்.ஆர்.சௌத்ரி, கண்ணாடித் தகட்டைப் புலித்தடத்தின் மேல் வைத்து வரைந்தெடுத்து, ஒவ்வொரு புலியையும் தனித்தனியாக அடையாளம் காணும் முறையை உருவாக்கினார். 1972-இல் நாடு முழுதும் அந்த வழியில் எண்ணியபோது கிடைத்த கணக்கு 1,827. சிக்கல் என்னவென்றால், ஒரே புலியின் தடம் களிமண்ணில் ஒரு மாதிரியும் புழுதியில் வேறு மாதிரியும் விழும். வரைபவரின் கையும் மாறும். ராஜஸ்தானின் சரிஸ்காவில் புலிகளே இல்லை என்பது 2005-இல் வெளிப்பட்டபோது இந்தக் கணக்கின் மீதிருந்த நம்பிக்கை உடைந்தது. அதன்பின் தானியங்கிக் கேமராவில் பதியும் உடல்வரிகளை வைத்துப் புலிகளைப் பிரித்தறியும் முறைக்கு நாடு மாறியது.

'எந்தப் புலி' என்ற கேள்விக்குத் தடம் போதாது. 'எந்த விலங்கு, எந்தப் பக்கம்' என்பதற்கு இன்றும் போதும். கேமராவை எங்கே கட்டலாம் என்று தீர்மானிக்கவும் காவலர்கள் தடங்களைத்தான் பார்க்கிறார்கள். தரை இறுகிய காட்டுப்பாதைகளில் ஆங்காங்கே சலித்த மண்ணை மெல்லிய படலமாகப் பரப்பி வைத்துவிட்டு, பிறகு வந்து பார்த்து, பதிந்ததைக் குறித்துக்கொண்டு, மண்ணை மறுபடி சமன் செய்துவிட்டுப் போகிறார்கள்.