பில்லுக்கென்று ஒரு தனிக் கணக்கு

சம்பளம் ரொக்கமாகக் கைக்கு வந்த காலத்தில் வாடகைக்கு ஒரு கவர், பால்காரருக்கு ஒரு கவர், ஸ்கூல் ஃபீஸுக்கு ஒரு கவர் என்று பிரித்து பீரோவில் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. சம்பளம் வங்கிக்குப் போனதும் எல்லாப் பணமும் ஒரே கணக்கில் கிடக்கிறது. போனில் பேலன்ஸ் பார்த்தால் 31,000 ரூபாய் என்று காட்டும். அதில் எவ்வளவு வாடகைக்கும் தவணைக்கும் உரியது என்று காட்டாது. இருக்கிறதே என்று செலவு செய்துவிடுகிறோம்.

அந்தக் கவர்களை வங்கியிலேயே வைத்துக்கொள்ளலாம். சம்பளக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. பில்லுக்கு ஒன்று, அன்றாடச் செலவுக்கு ஒன்று என இரண்டு சேமிப்புக் கணக்கும், சேமிக்க நினைக்கும் காரியத்துக்கு ஓர் ஆர்.டி.யும் போதும். பல வங்கிச் செயலிகளில் கணக்குக்கு நாமே பெயர் வைக்கலாம். இல்லாவிட்டால் பாஸ்புக் அட்டையில் எழுதி ஒட்டுங்கள்.

இவற்றில் பலரும் தடுமாறுவது பில் கணக்கில்தான். இந்த மாதம் என்ன பில் வருகிறதோ அதை மட்டும் போட்டால், ஜூனில் பள்ளிக் கட்டணம் வரும்போது கணக்கு காலியாக இருக்கும். வருடம் முழுதுக்குமான பில்களைக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் அதே தொகையைப் போட வேண்டும்.

மாதம் 45,000 ரூபாய் வருகிற ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வாடகை, வண்டித் தவணை, போன், இணையம் எல்லாம் சேர்ந்து மாதம் 13,500. இவை தவிர, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரன்ட் பில் 1,800. பள்ளிக் கட்டணம் ஜூனில் 18,000, டிசம்பரில் 12,000. ஆகஸ்டில் வண்டி இன்ஷூரன்ஸ் 2,400. அக்டோபரில் ஆயுள் காப்பீட்டு பிரீமியம் 14,400. இப்படி இடைவிட்டு வருபவை வருடத்துக்கு 57,600 ரூபாய். மாதத்துக்கு 4,800. ஆக, பில் கணக்குக்குப் போக வேண்டியது 18,300.

இதை ஏப்ரலில் தொடங்கினால் ஒரு சிக்கல் வரும். இடைவிட்டு வரும் பில்களுக்காக ஜூன் வரை சேர்ந்திருப்பது 14,400. ஜூனுக்குள் கரன்ட் பில் இரண்டும் ஃபீஸும் சேர்ந்து கட்ட வேண்டியது 21,600. துண்டு 7,200. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. டிசம்பர் வரை கூட்டிப் பாருங்கள்: போட்டது 43,200, கட்ட வேண்டியது 55,800. துண்டு 12,600. மார்ச்சில்தான் வரவும் செலவும் சரியாகும். எனவே முதல் நாளே 12,600 ரூபாயை அந்தக் கணக்கில் போட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். போனஸோ முதிர்ந்த ஆர்.டி.யோ வரும் மாதம் இதற்கு ஏற்றது. இந்த முன்பணம் இல்லாமல் தொடங்குபவர்கள்தான் நடுவில் கைமாற்று வாங்கி, இது சரிப்படாது என்று விட்டுவிடுகிறார்கள்.

செலவுக் கணக்குக்கு மொத்தமாக அனுப்பாதீர்கள். திங்கள்தோறும் 4,500 ரூபாய் என்று வாராவாரம் அனுப்புங்கள். யு.பி.ஐ.யும் டெபிட் கார்டும் அந்த ஒரு கணக்கோடு மட்டும் இருக்கட்டும். பில் கணக்கையும் யு.பி.ஐ.யில் சேர்த்துவிட்டால் பிரித்ததற்குப் பலனே இல்லை. ஐந்து திங்கள் வரும் மாதமும் உண்டு. சராசரியாக மாதம் 19,500 ஆகும். மிச்சம் 7,200. நான்கு திங்கள் உள்ள மாதத்தில் சம்பளக் கணக்கில் நிற்பதைத் தொடாமல், ஆர்.டி.யை 6,000 என்று வைத்தால் இழுபறி இருக்காது.

தேதிகளில் கவனம் வேண்டும். சம்பளம் மாதக் கடைசியில் வந்து, தவணை 5ஆம் தேதி பிடிக்கப்படுகிறது என்றால், பில் கணக்குக்கான ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷனை 2ஆம் தேதிக்கு வையுங்கள். சம்பளம் தாமதமானால் அந்த மாற்றம் நடக்காது, தவணை திரும்பிவிடும். அப்போது வங்கியும் அபராதம் போடும், கடன் கொடுத்த நிறுவனமும் போடும். பில் கணக்கில் ஒரு மாதத் தவணைத் தொகை எப்போதும் கூடுதலாக நிற்பது நல்லது.

புதுக் கணக்கு திறக்கும்முன் குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று கேளுங்கள். 5,000 வைக்கச் சொன்னால் அது உங்கள் கையில் இல்லாத பணம் என்றே கணக்கிடுங்கள். இருப்பு தேவைப்படாத அடிப்படை சேமிப்புக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு. ஆனால் அதை வைத்திருப்பவர் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது.

வருமானத்தைவிட பில் அதிகமாக இருக்கும் வீட்டுக்கு எத்தனை கணக்கு திறந்தாலும் உதவாது; அங்கே கடனையோ செலவையோதான் முதலில் குறைக்க வேண்டும். மற்றவர்கள் கணக்கு திறக்க வங்கிக்குப் போகும்முன், கடந்த பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து, மாதாமாதம் வராத பில்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.