ஃபாஸ்பேட் குறைந்தால் எங்கே தேடுவது?

காங்கேயம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றை எண்ணிக்கொள்வோம். நெல் அவிக்க உமியில் எரியும் 3 டன் பாய்லர். மாலையில் பாய்லர் நீரில் 40 பிபிஎம் இருந்த ஃபாஸ்பேட், மறுநாள் காலை 12-க்கு இறங்கியிருக்கிறது. நீராவி வழக்கம்போல் வருகிறது, அழுத்தமும் மாறவில்லை. இந்த ஒரு எண்ணைத் தவிர வேறு எங்கும் கோளாறு தெரியாது.

பாய்லருக்குப் போகும் நீரிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும், அதாவது கடினத்தன்மையை, சாஃப்ட்னர் பிடித்துக்கொள்கிறது. தப்பி வரும் மிச்சத்துக்குத்தான் ஃபாஸ்பேட். அது கால்சியத்தோடு சேர்ந்து இளகிய சேறாகி அடியில் தங்கும். ப்ளோடவுன் வால்வைத் திறந்தால் வெளியேறிவிடும். ஃபாஸ்பேட் தீர்ந்துவிட்டால் அதே கால்சியம் குழாய்களின் மேல் கல்லாக ஒட்டும். சேறு இளகியே இருக்க பாய்லர் நீரின் பிஎச் 11-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 10-க்குக் கீழே போனால் அது பசைபோல் ஒட்டத் தொடங்கும்.

ஃபாஸ்பேட் குறைய மூன்று காரணங்கள் உண்டு. மருந்து போதாமல் போயிருக்கலாம், ப்ளோடவுன் கூடியிருக்கலாம், இல்லையென்றால் கடினத்தன்மை உள்ளே வந்து அதைத் தின்றிருக்கலாம். எது என்று சொல்ல மற்ற சோதனைகளையும் கூடவே பார்க்க வேண்டும்.

இந்த ஆலையில் சல்ஃபைட்டும் ஃபாஸ்பேட்டும் ஒரே தொட்டியிலிருந்து ஒரே பம்ப் வழியாகப் போகின்றன. சல்ஃபைட் 35 பிபிஎம் காட்டுகிறது. 30 முதல் 50 வரை இருந்தால் சரி. ஆகவே பம்ப் ஓடுகிறது. கரைந்த உப்பின் அளவு 3,000-லேயே நிற்கிறது. ப்ளோடவுன் கூடியிருந்தால் அது இறங்கியிருக்கும். பிஎச்சும் 11.2. மிஞ்சுவது கடினத்தன்மை ஒன்றுதான்.

அதைச் சோதிப்பது எளிது. ஃபீட் டேங்க் நீரில் பஃபர் கரைசலும் சாயப்பொடியும் போட்டால், கடினத்தன்மை இருந்தால் ஒயின் சிவப்பு வரும். அது நீலமாகும்வரை இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவைக் கணக்கிடலாம். 5-க்குள் இருக்க வேண்டியது 20 வந்தது. சாஃப்ட்னர் வாய்க்குழாயிலேயே பிடித்த நீரோ உடனே நீலமானது. அப்படியானால் ரெசின் நன்றாக இருக்கிறது, உப்புப் போட்டுக் கழுவுவதால் பயனில்லை. சாஃப்ட்னரைத் தாண்டிப் போகும் பைபாஸ் வால்வு முழுதாக மூடவில்லை. போர்வெல் நீரின் கடினத்தன்மை 300 என்றால், பதினைந்தில் ஒரு பங்கு கசிந்தாலே 20 வந்துவிடும்.

இருபது சின்ன எண்ணாகத் தோன்றும். ஆனால் மணிக்கு 3 டன் நீர் ஆவியானால், அந்த ஒரு மணி நேரத்தில் 60 கிராம் சுண்ணாம்பு பாய்லருக்குள் போகிறது. அதைச் சேறாக்க டன்னுக்கு ஏறக்குறைய 11 கிராம் ஃபாஸ்பேட் தேவை. இந்த ஆலையில் போடுவது 8 கிராம். வால்வைக் கவனிக்காமல் விட்டால் ஒரே நாளில் ஃபாஸ்பேட் பூஜ்யமாகும். மருந்தை மட்டும் கூட்டினாலோ எண் ஏறும், சேறும் ஏறும், கசிவு அப்படியே இருக்கும். எண்ணைத் திருத்துவதும் காரணத்தைத் திருத்துவதும் வேறு வேறு.

இந்த முடிவெல்லாம் சோதனை சரியாக இருந்தால்தான் செல்லும். ஃபாஸ்பேட் மாதிரியை வடிகட்டாமல் சோதித்தால், கலந்துள்ள சேறு அமில மருந்தில் கரைந்து அளவைக் கூட்டிக் காட்டும். 12 என்பது 40-ஆகத் தெரிந்து கசிவே மறைந்துபோகும். சல்ஃபைட்டில் தவறு எதிர்ப்பக்கம் நடக்கும். பாட்டிலைப் பாதி நிரப்பிக் குலுக்கினாலோ திறந்து வைத்தாலோ காற்றின் ஆக்சிஜன் அதைத் தின்றுவிடும். மாதிரியைக் குளிர்விக்கும் சுருள்குழாய் வழியாகப் பிடித்து, பாட்டில் விளிம்பு வழிய நிரப்பி, உடனே சோதிக்க வேண்டும். கொதிநீரை நேராகப் பிடித்தால் ஒரு பகுதி ஆவியாகி மற்ற அளவுகளும் கூடிவிடும்.

நீரில் கரைந்த ஆக்சிஜன் இரும்பில் சிறு குழிகளைத் தோண்டும் என்பதால்தான் சல்ஃபைட் போடுகிறார்கள். அதற்குப் பதிலாகப் பயன்படும் ஹைட்ரசின் நச்சுள்ளது. நீராவி நேரே நெல்லில் படும் இடத்துக்கு ஆகாது. ஒரு பங்கு ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய 8 பங்கு சல்ஃபைட் செலவாகும். 30 டிகிரி நீரில் ஆக்சிஜன் 7.5 பிபிஎம், 80 டிகிரியில் 3-க்கும் குறைவு. நெல்லை அவித்த நீராவி திரும்பாது, ஆனால் டிரையரில் குளிர்ந்து நீராகும் கண்டன்சேட் திரும்பும். அதை ஃபீட் டேங்குக்கு விட்டுச் சூடேற்றினால் டன்னுக்கு 60 கிராம் தேவைப்பட்ட சல்ஃபைட் 25-க்குள் அடங்கும். ஒரு நாள் சல்ஃபைட் மட்டும் திடீரென இறங்கினால், முதலில் டேங்கின் வெப்பமானியைப் பார்ப்பது நல்லது.

வால்வை மாற்றிய பிறகும் பழைய சேறு உள்ளேயே இருக்கும். அடுத்த சில ஷிஃப்டுகளில் அடி ப்ளோடவுனைச் சிறிது சிறிதாக அடிக்கடி திறந்து அதை வெளியேற்றுவார்கள். ஃபாஸ்பேட் மறுபடி 40-க்கு வந்து அங்கேயே நிற்கும்வரை சோதனையை ஷிஃப்டுக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும்.