அரிப்பு மாத்திரையும் தூக்கமும்

அரிப்புக்கு ஹைட்ராக்சிசின் மாத்திரை போட்டால் கண்ணைச் சுழற்றும். காரணம், அரிப்பைக் கிளப்பும் அதே ஹிஸ்டமின்தான் மூளையில் நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் இடைவெளி இல்லாமல் நெருக்கமாக அடைக்கப்பட்டது. கொழுப்பில் எளிதில் கரையும் ஹைட்ராக்சிசின் அந்தச் சுவரைக் கரைந்தே கடந்து, உள்ளே ஹிஸ்டமின் அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தோலில் அரிப்பு அடங்கும்; மூளையில் விழிப்பும் அடங்கும்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கு மாற்று மருந்தை நம் கல்லீரலே தயாரிக்கிறது. ஹைட்ராக்சிசினின் ஒரு முனையை அது அமிலமாக மாற்றுகிறது. அப்படிப் பிறப்பதுதான் செட்டிரிசின். அமில முனையில் மின்னேற்றம் இருப்பதால் கொழுப்புச் சுவரில் அது எளிதில் கரையாது. தப்பி நுழைவதையும் சுவரிலுள்ள பி-கிளைக்கோபுரதம் என்னும் பம்பு ரத்தத்துக்கே திருப்பித் தள்ளுகிறது.

ஆனாலும் தடுப்பு முழுமையானதல்ல. செட்டிரிசின் கொஞ்சம் கசியும். அதனால்தான் சிலருக்கு அதிலும் கொட்டாவி வருகிறது. ஃபெக்சோஃபெனடினோ மூளைக்குள் ஏறக்குறைய நுழைவதே இல்லை. வண்டி ஓட்டுபவர்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான். பழைய மருந்தை இரவில் போட்டாலும் மறுநாள் காலை மந்தம் மிச்சமிருக்கலாம்.