வீங்கிய காலில் இறுகிய தண்டை

கொசு கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து, இரண்டு வயதுக் குழந்தையின் கணுக்கால் வீங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திருகாணி இல்லாத வெள்ளித் தண்டை சதையில் பதிந்து நிற்கிறது. வெடுக்கென்று இழுத்தால் தோல் மடிந்து வீக்கம் கூடும்.

முதலில் விரல் நகத்தை அழுத்திவிட வேண்டும். வெளுத்த நகம் இரண்டு விநாடியில் சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது, அவகாசம் உண்டு. குழந்தையை மடியில் சாய்த்து, காலைத் தலையணைமேல் உயர்த்தி, குளிர்ந்த ஈரத்துணியைப் பத்து நிமிடம் சுற்றினால் வீக்கம் சற்று வடியும்.

பிறகு தண்டையின் உட்புறம், குதிகால், புறங்கால் எங்கும் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவ வேண்டும்.

தடை குதிகால்தான். பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டிப் பிடித்தால் அதன் சுற்றளவு குறையும். தண்டையின் பின்பக்கத்தை முதலில் குதிகாலுக்குக் கீழே இறக்கி, சதையை ஒரு விரலால் மேலே ஒதுக்கியபடி, முன்பக்கத்தை மெல்ல நகர்த்த வேண்டும். குழந்தை அழுதால் நிறுத்தி, எண்ணெய் தடவி, மீண்டும் தொடங்கலாம்.

விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, சில்லிட்டாலோ, எலும்பு முறிவு என்ற சந்தேகம் இருந்தாலோ இழுக்கவே கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே தண்டையை வெட்டி எடுப்பார்கள். வெட்டிய வெள்ளியைப் பொற்கொல்லர் பற்றவைத்துக் கொடுத்துவிடுவார்.