பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்கும் முன்

மகள் திருமணம், மருத்துவச் செலவு, ஆழ்துளைக் கிணறு என்று அவசரமாகப் பணம் தேவைப்படும்போது கள்ளக்குறிச்சி வட்டார விவசாயிக்கு நிலத்தை வைத்துக் கடன் வாங்க இரண்டு வழிகள் உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வது ஒரு வழி. பீரோவில் இருக்கும் கிரயப் பத்திரத்தை எடுத்துப்போய்க் கடன் தருபவர் கையில் கொடுத்துவிட்டு வருவது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் செலவும் குறைவு, வெளியே தெரியவும் தெரியாது. அதனால் பலரும் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். "நிலத்தை எழுதிக் கொடுக்கவில்லை, பத்திரத்தை மட்டும்தான் கொடுத்திருக்கிறேன்" என்று நிம்மதியாகவும் இருக்கிறார்கள். ஆபத்து அந்த நிம்மதியில்தான் இருக்கிறது.

சட்டத்தின் பார்வையில் இரண்டும் அடமானமே

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 58ஆவது பிரிவில் அடமான வகைகளைச் சொல்கிறது. அதில் சாதா அடமானம் என்பது, நிலம் உங்கள் அனுபவத்திலேயே இருக்க, கடனைத் திருப்பித் தரும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டு, தவறினால் நிலத்தை விற்றுக் கடனை வசூலிக்கலாம் என்று எழுதிக் கொடுப்பது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட கடன் என்றால் இது பதிவு செய்யப்பட்ட பத்திரமாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகளாவது சான்றொப்பம் இட வேண்டும். முத்திரைத்தாளில் எழுதிப் பதிவு செய்யாமல் வைத்திருக்கும் காகிதம் அடமானம் ஆகாது. கடன் வாங்கியதற்கு அது ஆதாரமாகலாம், அவ்வளவுதான்.

உரிமை ஆவணங்களை ஒப்படைத்துச் செய்யும் அடமானத்துக்கு எழுத்தே தேவையில்லை. கடன் இருக்க வேண்டும், உரிமை ஆவணம் கைமாற வேண்டும், கடனுக்கு ஈடாகவே அது தரப்படுகிறது என்ற நோக்கம் இருக்க வேண்டும். சென்னை மாகாணத்திலிருந்து போன கே.ஜே. நாதன் வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றம் இந்த மூன்றையும்தான் அடிப்படையாகச் சொன்னது. ஓர் இடக் கட்டுப்பாடும் உண்டு. சென்னை, மும்பை, கொல்கத்தாவிலோ, மாநில அரசு அரசிதழில் அறிவித்த ஊரிலோ ஆவணம் ஒப்படைக்கப்பட வேண்டும். நிலம் எங்கே இருந்தாலும் பரவாயில்லை. வெள்ளிமலையில் உள்ள நிலத்தின் பத்திரத்தைச் சென்னையில் ஒப்படைத்தாலும் அடமானம் செல்லும்.

இதே சட்டத்தின் 96ஆவது பிரிவு, சாதா அடமானத்துக்குரிய விதிகள் ஆவண ஒப்படைப்புக்கும் பொருந்தும் என்கிறது. அதாவது, பத்திரத்தை மட்டும் கொடுத்தவரின் நிலமும் நீதிமன்றம் வழியாக ஏலத்துக்கு வரலாம். விளைவில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு சாட்சியத்தில் இருக்கிறது.

எழுதாத கணக்கு யார் பக்கம் சாயும்?

சின்னசேலம் பக்கம் 2 ஏக்கரில் மரவள்ளி போடும் ஒருவர், கள்ளக்குறிச்சியில் ஒருவரிடம் 3 லட்சம் ரூபாய், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாதா அடமானமாகப் பதிவு செய்தால் தற்போதைய விகிதப்படி முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம். ஆக 6,000 ரூபாய். ஆவண ஒப்படைப்பு ஒப்பந்தமாகப் பதிவு செய்தால் தீர்வை அரை சதவீதம்தான். மொத்தம் 4,500 ரூபாய். எதையும் எழுதாமல் பத்திரத்தைக் கொடுத்தால் செலவே இல்லை. அவர் மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கிறார்.

முதல் ஆண்டு வட்டி 36,000 ரூபாயையும் அசலில் ஒரு லட்சத்தையும் ரொக்கமாகக் கொடுக்கிறார், ரசீது வாங்கவில்லை. அடுத்த ஆண்டு மீதி 2 லட்சத்தோடு போகும்போது, "இடையில் கைமாற்றாக வாங்கிய 2 லட்சமும் சேர்த்து 5 லட்சம் வேண்டும்" என்கிறார் கடன் கொடுத்தவர். ஏற்கெனவே ஒப்படைத்த பத்திரத்தையே பின்னர் வாங்கும் கடனுக்கும் ஈடாக்க வாய்மொழியாக ஒப்புக்கொள்ள முடியும் என்பதால், இப்படி ஒரு வாதத்தை நீதிமன்றத்தில் வைக்க இடமுண்டு. எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கட்டினார், பத்திரம் எந்தக் கடனுக்காகப் போனது என்ற மூன்று கேள்விக்கும் காகிதத்தில் பதில் இல்லை. பத்திரமோ எதிராளி கையில் இருக்கிறது.

இதே கடன் பதிவான சாதா அடமானமாக இருந்தால் தொகை, வட்டி, தவணை எல்லாம் பத்திரத்திலேயே இருக்கும். எழுதிய நிபந்தனையை வாய்ச்சொல்லால் மாற்றிக் காட்டச் சாட்சியச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. 3 லட்சம் 5 லட்சமாக முடியாது. கட்டிய பணத்துக்கு ரசீதோ வங்கிப் பரிமாற்றமோ இருந்தால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

அதனால் ஆவண ஒப்படைப்புதான் வேண்டும் என்றாலும் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். எழுதினால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012இல் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டது. வங்கிகள் எம்.ஓ.டி. என்று சொல்லிப் பதிவு செய்வது இதைத்தான். தொகை, வட்டி, ஒப்படைத்த ஒவ்வொரு பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் அதில் இருக்கட்டும். ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும்.

நிலம் வாங்குபவர்களுக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. எழுத்தில்லாத ஒப்படைப்பு வில்லங்கச் சான்றில் வராது. ஆனாலும் பதிவுச் சட்டத்தின் 48ஆவது பிரிவின்படி, முன்னால் நடந்த ஆவண ஒப்படைப்பு பின்னால் பதிவான அடமானத்தை முந்திக்கொள்ளும். வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது, அசல் பத்திரத்தை மட்டும் காட்ட மாட்டேன் என்கிறார் என்றால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கல்வராயன் மலையில் கூடுதல் கவனம்

ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த கல்வராயன் மலை 1976இல்தான் அரசு நிர்வாகத்துக்கு வந்தது. அங்கே வாழும் மலையாளி பழங்குடியினரில் பலரிடம் கிரயப் பத்திரம் என்ற ஒன்றே இருக்காது. கையில் இருப்பது பட்டாவாகவோ, நிபந்தனையுள்ள ஒப்படைப் பட்டாவாகவோ, வன உரிமைப் பட்டாவாகவோ இருக்கும். அடமானம் என்று வரும்போது இந்த மூன்றும் ஒன்றல்ல.

வருவாய்த் துறையின் சாதாரண பட்டா, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைக் காட்டும் பதிவு. தனியாக அதையே உரிமை ஆவணமாக நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஒப்படைப் பட்டா, அரசு நிலத்தைக் கொடுத்த ஆணை. விற்பதற்கும் ஈடு வைப்பதற்கும் உள்ள தடைகள் அதன் நிபந்தனைகளிலேயே இருக்கும். அவற்றை மீறினால் அரசு ஒப்படையை ரத்து செய்ய முடியும். கடன் கொடுத்தவருக்கு முன்னால் அரசிடமே நிலத்தை இழக்க நேரிடலாம்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த உரிமை வாரிசுகளுக்குப் போகும்; ஆனால் யாருக்கும் மாற்றித்தர முடியாதது என்று 4ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பட்டாவை ஒருவர் பெட்டியில் வைத்துப் பூட்டினாலும் அதை வைத்து உங்கள் நிலத்தை ஏலம் விட முடியாது.

இதைக் கேட்டு, கடனே இல்லையென்று ஆகிவிட்டதாக நினைக்க வேண்டாம். அடமானம் செல்லாமல் போனாலும் கடன் நிற்கும். புரோநோட்டு இருந்தால் மூன்று ஆண்டுக்குள் பணத்துக்காக வழக்குப் போடலாம்.

தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகள் இல்லை. ஆந்திராவில் உள்ளதுபோல் பழங்குடியினரின் நிலம் கைமாறுவதைப் பொதுவாகத் தடுக்கும் அரண் இங்கே கிடையாது. எனவே பட்டாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பதுதான் முதல் காவல்.

கடன் தந்தவர் எதுவரை போகலாம்?

இரண்டு வகை அடமானத்திலும் கடன் தந்தவர் நிலத்தைத் தானே எடுத்துக்கொள்ள முடியாது. கெடு தேதியிலிருந்து 12 ஆண்டுக்குள் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, ஏலத்தில் விற்றுக் கடனை எடுக்கலாம். மீதிப் பணம் உங்களுக்கு வர வேண்டும். "ஒரு வருடத்தில் கட்டாவிட்டால் நிலம் எனக்கே" என்று எழுதி வாங்கியிருந்தாலும் அந்த வரி செல்லாது. அதனால்தான் சிலர் அடமானத்துக்குப் பதிலாகக் கிரயப் பத்திரமோ, கிரய ஒப்பந்தமோ, பொது அதிகாரப் பத்திரமோ கேட்கிறார்கள். கடனை அடைத்தால் திருப்பித் தருவேன் என்ற வாய்ச்சொல்லை நம்பிக் கிரயம் எழுதினால், அது அடமானம்தான் என்று பின்னால் நிரூபிப்பது மிகக் கடினம். திருப்பித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்தில் இருந்தால் ஒழிய, சட்டம் அதை அடமானமாகப் பார்க்காது.

வங்கிகளுக்கு 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் நீதிமன்ற வழக்கு இல்லாமலே சொத்தைக் கைப்பற்றும் அதிகாரம் தருகிறது. முதலில் 60 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் வரும். எழுத்தில் மறுப்புக் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் தர வேண்டும். கைப்பற்றும் நடவடிக்கை வந்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். விவசாய நிலத்தின் மீது இந்தச் சட்டம் பாயாது என்று 31ஆவது பிரிவு விலக்குத் தருகிறது. கரும்போ நெல்லோ மரவள்ளியோ உண்மையில் பயிராகும் நிலத்துக்கு இந்த நோட்டீஸ் வந்தால், அடங்கலோடு அதைச் சுட்டிக்காட்டிப் பதில் அனுப்புங்கள்.

கடைசி ரூபாய் கட்டிய பிறகு

கடன் அடைந்ததும் பத்திரத்தைத் திரும்பப் பெறுவதும், பதிவான அடமானத்துக்கு ரசீது ஆவணம் பதிவு செய்து கேட்பதும் சொத்து மாற்றுச் சட்டத்தின் 60ஆவது பிரிவு தரும் உரிமை. அந்த ரசீது பதிவாகாவிட்டால் அடைத்த கடன் வில்லங்கச் சான்றில் நின்றுகொண்டே இருக்கும். அடுத்த வங்கியும் வாங்குபவரும் பின்வாங்குவார்கள். கடன் முடிந்த சில வாரம் கழித்து tnreginet.gov.in தளத்தில் வில்லங்கத்தைக் கட்டணமின்றிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வங்கியோ நிதி நிறுவனமோ என்றால் ரிசர்வ் வங்கியின் விதி 2023 டிசம்பர் 1 முதல் உங்கள் பக்கம் இருக்கிறது. முழுக் கடனும் முடிந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் தர வேண்டும். தங்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும். தனிநபர் பணத்தை வாங்க மறுத்தாலோ பத்திரத்தைத் தர மறுத்தாலோ, சொத்து மாற்றுச் சட்டத்தின் 83ஆவது பிரிவின்படி பாக்கியை நீதிமன்றத்தில் கட்டி நோட்டீஸ் அனுப்பச் செய்யலாம். முறைப்படி கட்டியதும் வட்டி நின்றுவிடும். மீட்பு வழக்குக்கு 30 ஆண்டு அவகாசம் உண்டு. கந்துவட்டியும் மிரட்டலும் சேர்ந்தால் 2003ஆம் ஆண்டின் அதிக வட்டித் தடைச் சட்டப்படி காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்பதற்காக எவரும் நிலத்தை விட்டுவிட வேண்டியதில்லை. பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள் அனைவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணை அழைக்கலாம். கள்ளக்குறிச்சி நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் குழுவை நேரிலும் அணுகலாம். பட்டாவோ பத்திரமோ, கையில் இருக்கும் காகிதத்தை அங்கே ஒருமுறை காட்டிவிட்டு அதன்பிறகு கடன் தருபவரிடம் போங்கள்.