உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே உங்கள் ஜி.பி.எஸ். வாட்ச்

சிகாகோ மாரத்தான் கிராண்ட் பார்க்கில், கொலம்பஸ் டிரைவ் என்ற சாலையில் தொடங்குகிறது. முதல் மைல் முடிவதற்குள்ளேயே ஓடுபாதை மேல்தளம் மூடிய சாலைக்கு அடியில் புகுந்து வெளியே வருகிறது. வந்த கையோடு ஆற்றைக் கடந்து, வானளாவிய கட்டடங்கள் இருபுறமும் நெருக்கி நிற்கும் நகரின் மையப்பகுதிக்குள் நுழைகிறது. ஒரு மைல் பலகை கண்ணுக்கே தெரியாதபோது கடிகாரம் "மைல் முடிந்தது" என்று அதிரும். ஆறு நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு நான்கு நிமிடம் என்று வேகம் காட்டும். பிறகு வீட்டில் வரைபடத்தைத் திறந்து பார்த்தால், ஓடிய கோடு கட்டடங்களுக்குள் புகுந்து ஆற்றின் மேல் நடந்திருக்கும்.

கடிகாரம் கெட்டுப்போகவில்லை. அது நேரத்தை அளந்துதான் தூரத்தைக் கண்டுபிடிக்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் "நான் இந்த நேரத்தில் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சமிக்ஞை வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்பதிலிருந்து, செயற்கைக்கோள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கடிகாரம் கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். சமிக்ஞை ஒளியின் வேகத்தில் வருவதால், ஒரு வினாடியில் கோடியில் ஒரு பங்கு தாமதம்கூட 30 மீட்டர் பிழையாகிவிடும்.

உயர்ந்த கட்டடங்களின் நடுவே இந்தத் தாமதம்தான் நேர்கிறது. ஒரு செயற்கைக்கோளைக் கட்டடம் மறைத்துவிட, அதன் சமிக்ஞை எதிர்ப்பக்கக் கண்ணாடிச் சுவரில் மோதித் திரும்பி நம் மணிக்கட்டுக்கு வருகிறது. சுற்றி வந்த தொலைவும் சேர்ந்துவிட்டது என்பது கடிகாரத்துக்குத் தெரியாது. நம்மைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. அடுத்த வினாடி வேறொரு சமிக்ஞை நேராகக் கிடைத்ததும் சாலைக்கு இழுத்துவருகிறது. இப்படி முன்னும் பின்னும் தாவிய ஒவ்வொரு தாவலும் ஓடிய தூரமாகக் கணக்கில் ஏறுகிறது. அதனால்தான் கட்டடங்களின் நடுவே தூரம் பெரும்பாலும் கூடுதலாகவே வரும். இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் புதிய கடிகாரங்கள் மோதித் திரும்பிய சமிக்ஞையை ஓரளவு பிரித்தறிகின்றன. ஆனால் நேர்ச்சமிக்ஞை முழுவதும் மறைந்துவிட்டால் அவையும் தடுமாறும்.

சுரங்கப்பாதையில் நடப்பது வேறு. அங்கே சமிக்ஞையே கிடையாது. சில கடிகாரங்கள் நுழைந்த இடத்தையும் வெளிவந்த இடத்தையும் நேர்கோட்டால் இணைத்துவிடும். பாதை வளைந்திருந்தால் தூரம் குறையும். பல கடிகாரங்கள் கை வீச்சை உணரும் முடுக்கமானியை வைத்து, எத்தனை அடி வைத்தோம், ஓர் அடி எவ்வளவு நீளம் என்று ஊகித்துத் தூரத்தைச் சேர்க்கும். அந்த ஊகம் சரியாக இருந்தால் தூரமும் சரியாக இருக்கும். டிராக்கில் நாம் திருத்த முடிவது இதைத்தான்.

பலர் இங்கே குழம்பிவிடுகிறார்கள். "போன பந்தயத்தில் 600 மீட்டர் அதிகமாகக் காட்டியது, அந்த விகிதத்தில் கழித்துக்கொள்கிறேன்" என்பார்கள். கட்டடங்களால் வரும் பிழைக்கு நிலையான விகிதமே கிடையாது; தெருவுக்குத் தெரு, நேரத்துக்கு நேரம் மாறும். எந்தப் பெருக்கல் கணக்கும் அதைச் சரிசெய்யாது. கால் அடியின் நீளத்தில் வரும் பிழை அப்படியல்ல. கடிகாரம் உங்கள் அடியை மூன்று சதவீதம் நீளமாக நினைத்தால், ஏறக்குறைய எங்கு ஓடினாலும் மூன்று சதவீதம் கூடவே காட்டும். இதை ஒருமுறை அளந்து திருத்தினால் போதும்.

அளக்க 400 மீட்டர் டிராக்கைவிட நல்ல இடம் இல்லை. முதல் லேனில், உள் விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடினால் ஒரு சுற்று சரியாக 400 மீட்டர். இரண்டாவது லேனில் அதே சுற்று 407 மீட்டர், எட்டாவதில் 453 மீட்டர். ஆகவே எதிரே ஆள் வந்தாலும் முதல் லேனிலேயே ஒட்டி ஓட வேண்டும். ஒரே கோட்டில் தொடங்கி அதே கோட்டில் முடிக்க வேண்டும்.

காலணியில் மாட்டும் ஃபுட் பாட் வைத்திருந்தால், முதலில் வாட்சில் ஜி.பி.எஸ்ஸை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எதை அளக்கிறோம் என்றே தெரியாது. சற்று ஓடி உடலைச் சூடேற்றிக்கொண்டபின், பந்தயத்தில் ஓட நினைக்கும் வேகத்திலேயே எட்டுச் சுற்று ஓடுங்கள். உண்மைத் தூரம் 3,200 மீட்டர். கடிகாரம் 3.29 கிலோமீட்டர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 3,200-ஐ 3,290-ஆல் வகுத்தால் 0.973 வரும். ஃபுட் பாடின் Calibration Factor இப்போது 100 என்றிருந்தால் அதை 97.3 என்று மாற்றுங்கள். சில கருவிகளில் அது 1.000 என்று இருக்கும்; அங்கே 0.973. பிறகு இன்னும் நான்கு சுற்று ஓடிப் பாருங்கள். 1.60 அல்லது 1.61 காட்டினால் வேலை முடிந்தது. 1.65 காட்டினால் எங்கோ தவறு இருக்கிறது; லேனைச் சரிபாருங்கள். கார்மின் வாட்சில் ஃபுட் பாட் அமைப்பில் Speed, Distance இரண்டையும் Always என்று வைத்தால், பந்தயம் முழுக்கத் தூரம் காலிலிருந்தே வரும். கட்டடங்களும் சுரங்கமும் அதைத் தொடாது.

ஃபுட் பாட் இல்லாதவர்கள் Treadmill என்ற பயிற்சி வகையை டிராக்கிலேயே போட்டு ஓடலாம். அதில் ஜி.பி.எஸ். இயங்காது. ஓட்டத்தை நிறுத்தியதும் Calibrate & Save என்பதைத் தேர்ந்து, உண்மையில் ஓடிய 3.20 கிலோமீட்டரைப் பதிவுசெய்தால் மணிக்கட்டு முடுக்கமானி திருத்திக்கொள்ளும். கடிகாரம் கட்டிய கையில் தண்ணீர் பாட்டில் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். கை வீச்சு மாறினால் அளவும் மாறும். Track Run என்று ஒரு வகை இருக்கிறதே என்று கேட்கலாம். அது அந்த டிராக்கின் வடிவத்தைத் தெரிந்துகொண்டு அங்கே துல்லியமாகக் காட்டுவதற்கானது; நகரத்துத் தெருவில் வரும் பிழைக்கு அதனால் பயனில்லை.

அடியின் நீளம் வேகத்தோடு மாறுவதால், மெதுவாக ஓடித் திருத்திய எண் வேகமான ஓட்டத்தில் சிறிது பிசகும். ஆகவே எந்த அளவைக் கொண்டு ஓடினாலும் இன்னொரு காவல் தேவை. Auto Lap-ஐ அணைத்துவிட்டு, சாலையோரத்து மைல் அல்லது கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது லேப் பொத்தானை நாமே அழுத்த வேண்டும். நான்கு மணி நேரத்தில் முடிக்க நினைப்பவருக்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 வினாடி தேவை. கட்டடங்களுக்கு நடுவே 600 மீட்டர் கூடுதலாகச் சேர்ந்திருக்க, கடிகாரம் காட்டும் சராசரியை நம்பி 5:41-லேயே ஓடினால் சுமார் மூன்றரை நிமிடம் தாமதமாகத்தான் முடிவுக்கோட்டைத் தொடுவார். பலகைக்குப் பலகை அழுத்தியவருக்கு முதல் சில கிலோமீட்டரிலேயே அந்தப் பிசகு தெரிந்துவிடும்.

பலகைகளை நம்பலாமா? அங்கீகரிக்கப்பட்ட மாரத்தான் பாதையை ஜி.பி.எஸ். கொண்டு அளப்பதில்லை. முதலில் எஃகு நாடாவால் அளந்த ஒரு சாலைத்துண்டில் சைக்கிளை ஓட்டி, சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். பிறகு அதே சைக்கிளால் ஓடுபாதையின் மிகக் குறுகிய வழியை அளக்கிறார்கள். குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கும், அதாவது மாரத்தானில் சுமார் 42 மீட்டரும், கூட்டுகிறார்கள். எட்டுச் சுற்று ஓடி நாம் காலுக்குச் செய்வதும் இதே வேலைதான். திருப்பங்களில் குறுகிய வழியை விட்டு விலகி ஓடுவதால், சரியான கடிகாரம்கூட 42.195-ஐவிடச் சில நூறு மீட்டர் அதிகமாகக் காட்டலாம். அதைப் பிழை என்று திருத்த முயலாதீர்கள்.

காலணியை மாற்றினாலோ ஃபுட் பாடை இன்னொரு காலுக்கு மாற்றினாலோ பழைய எண் செல்லாது. பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பு, பந்தயத்தில் அணியப்போகும் அதே காலணியோடு டிராக்குக்குப் போய் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.