முள் எங்கே நிற்கிறது என்பதல்ல கேள்வி

கரும்பலகையில் பெரிய வட்டம் ஒன்று. அதில் 0 முதல் 55 வரை எண்கள். 2-க்கும் 25-க்கும் இடையில் பச்சை சாக்பீஸால் ஒரு பட்டை. முள்ளை 10-ல் நிறுத்திவிட்டு அந்த மூத்த பொறியாளர் திரும்பினார்.

"இது சரியா, தப்பா?"

முன்வரிசையில் இருந்த பையன் உடனே சொன்னான். "பச்சைக்குள்ளதான் சார் இருக்கு. சரிதான்."

"எல்லாரும் ஒத்துக்கறீங்களா?" பதினான்கு தலைகளும் ஆடின. சென்னைக்கு வடக்கே ஒரு ரசாயன ஆலையில், அடுத்த வாரம் ஷிஃப்டில் ஏறப்போகும் புதிய ஆபரேட்டர்கள் அவர்கள். கசிவையும் அழுத்தக் கோளாறையும் முன்கூட்டியே கண்டுபிடிப்பது பற்றிய வகுப்பு. கடைசி பெஞ்சில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

"நாற்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு கன்ட்ரோல் ரூம்ல இருந்தவரும் இதையேதான் நினைச்சார்" என்றார் பொறியாளர். வட்டத்துக்கு மேலே E610 என்று எழுதினார். போபாலில் யூனியன் கார்பைடு ஆலையின் மெத்தில் ஐசோசயனேட் தொட்டி அது. வகுப்பு அமைதியாகிவிட்டது.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு 10:20-க்கு அந்தத் தொட்டியின் அழுத்தம் 2 பிஎஸ்ஐ. 10:45-க்கு ஷிஃப்ட் மாறியது. 11 மணிக்குப் புதிதாக வந்தவர் பார்த்தபோது முள் 10-ல் நின்றது. தொட்டி வழக்கமாக 2 முதல் 25 வரை இருக்கும் என்பதால், அவர் கண்ணுக்கு அது சாதாரண எண். நைட்ரஜன் ஏற்றியிருப்பார்கள் என்றும் நினைக்க இடமிருந்தது.

"10 தப்பான எண் இல்லை. 40 நிமிஷத்துல 2 எப்படி 10 ஆச்சு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்க 2-ங்கிற எண் கண் முன்னாடி இருக்கணும். ஷிஃப்ட் மாறும்போது அந்த 2 வீட்டுக்குப் போயிடுச்சு."

பிறகு அவர் போட்டுக் காட்டிய கணக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தொட்டியின் கொள்ளளவு 15,000 கேலன், அதாவது ஏறத்தாழ 57 கன மீட்டர். உள்ளே 40 டன்னுக்குச் சற்று அதிகமான திரவம். அது தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசானது என்பதால் சுமார் 44 கன மீட்டரை அடைத்துக்கொள்ளும். மேலே மிஞ்சும் வெற்றிடம் 13 கன மீட்டர். அந்த இடத்தில் அழுத்தம் 8 பிஎஸ்ஐ, அதாவது வளிமண்டல அழுத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல், கூடியிருக்கிறது. அதற்கு எங்கிருந்தோ 7 கன மீட்டர் வாயு வந்திருக்க வேண்டும். ஒரு சிறிய அறையின் பாதி அது.

நைட்ரஜன் வால்வை யாராவது திறந்தார்களா? இல்லையென்றால் வாயு உள்ளேயே பிறக்கிறது. மெத்தில் ஐசோசயனேட்டோடு தண்ணீர் சேர்ந்தால் சூடும் கார்பன் டை ஆக்சைடும் வரும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க வினைபுரிந்தால் ஒன்றேகால் கன மீட்டருக்குச் சற்று அதிகமான வாயு. ஆக, அந்த 8 பிஎஸ்ஐக்கு ஐந்தாறு லிட்டர் தண்ணீர் போதும். தோராயக் கணக்குதான். கொஞ்சம் வாயு திரவத்தில் கரைந்துவிடும், சூட்டில் எழும் ஆவியும் அழுத்தத்தைக் கூட்டும். ஆனாலும் கணக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. வினையின் ஆரம்பக் கட்டத்திலேயே முள் அதைக் காட்டிவிட்டது. அன்றிரவு உள்ளே இருந்த தண்ணீர் சில நூறு லிட்டர் என்பது பின்னால் தெரிந்தது. அது எப்படி உள்ளே போனது என்பதில் இன்றும் இரு தரப்பு இருக்கிறது. போனதில் சந்தேகம் இல்லை.

"வெப்பமானி காட்டியிருக்காதா சார்?" என்று ஒரு பெண் கேட்டார்.

"நல்ல கேள்விம்மா" என்றார். அந்தத் திரவத்தைக் குளிர்வித்து 0 டிகிரி அருகே வைக்க வேண்டும். 11 டிகிரியைத் தாண்டினால் மணி அடிக்கும் ஏற்பாடு இருந்தது. ஆனால் 1984 ஜூனிலேயே குளிர்விப்பானை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு தொட்டி எப்போதுமே 11-க்கு மேல்தான். எப்போதும் அடிக்கக்கூடிய மணி எதையும் சொல்லாது. வெப்பத்தின் குரல் போய்விட்ட ஆலையில் மிஞ்சியது அழுத்த முள் ஒன்றுதான்.

இங்கிருந்து அவர் பின்னோக்கிப் போனார். எனக்கு அன்றைய வகுப்பில் மிகவும் பிடித்த பகுதி இது. ஏனென்றால் போபால் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஓர் இரவைப் பற்றியே பேசுகிறார்கள். தொட்டி அதற்கு ஆறு வாரம் முன்பே ஒன்றைச் சொல்லிவிட்டது. அக்டோபர் மூன்றாம் வாரம் வரை E610-ல் நைட்ரஜன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1.25 கிலோ அளவில் இருந்தது. பிறகு 0.25-க்கு இறங்கியது. நவம்பர் கடைசியில் மறுபடி அழுத்தம் ஏற்றிப் பார்த்தார்கள். நிற்கவில்லை. பக்கத்துத் தொட்டியான E611-லிருந்து திரவத்தை எடுத்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

"அழுத்தம் ஏறினா எல்லாருக்கும் பயம் வரும். இறங்கினா யாருக்கும் வராது. ஆனா அழுத்தத்தைப் பிடிச்சு வைக்காத பாத்திரத்துல எங்கேயோ வழி இருக்கு. உள்ளேருந்து வெளியே போக வழி இருந்தா, வெளியேருந்து உள்ளே வரவும் வழி உண்டு. நைட்ரஜன் அழுத்தம்தான் வேண்டாததை உள்ளே விடாம வாசல்ல நிக்கிற காவல்காரன்."

ஆனால் அழுத்தம் இறங்குவதெல்லாம் கசிவு இல்லை. பொழுது சாய்ந்தாலே முள் கொஞ்சம் இறங்கும். இரண்டையும் பிரித்தறிய அவர் ஒரு வழி காட்டினார். நைட்ரஜன் மட்டும் நிரம்பிய பாத்திரம் ஒன்று, எல்லா வால்வும் மூடியிருக்கிறது. மதியம் 3 மணிக்கு உள்ளே 40 டிகிரி, கேஜில் 2 கிலோ. விடியற்காலையில் 28 டிகிரி. முள் எவ்வளவு இறங்கலாம்?

பையன்கள் நேரடியாக 2-ஐ வைத்துக் கணக்குப் போட்டார்கள். அவர் தடுத்தார். கேஜ் காட்டுவது வளிமண்டலத்துக்கு மேலே உள்ள அழுத்தத்தை மட்டும். வளிமண்டலத்தின் ஒரு கிலோவையும் சேர்த்தால் உள்ளே இருப்பது 3. வெப்பத்துக்கும் அப்படியே 273-ஐக் கூட்ட வேண்டும். 40 டிகிரி என்பது 313. அதில் 12 குறைந்தால் 3-லும் அதே விகிதத்தில் குறையும். 3 பெருக்கல் 12, வகுத்தல் 313. ஏறத்தாழ 0.11. ஆகவே காலையில் 1.9-ல் நின்றால் அது இரவின் குளிர். 1.7-ல் நின்றால் கசிவு. கையில் சோப்புத் தண்ணீரோடு ஒவ்வொரு ஃபிளாஞ்சாகப் போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

"இப்ப E610-க்கு இதே கணக்கைப் போடுங்க. 1.25 எப்படி 0.25 ஆச்சு?"

போட்டார்கள். 2.25 என்பது 1.25 ஆக வேண்டும். குளிரால் மட்டும் அது நடக்க வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் வாயு பூஜ்யத்துக்குக் கீழே 100 டிகிரிக்கும் மேல் குளிர வேண்டும். போபாலின் எந்த ராத்திரிக்கும் அது முடியாது. வகுப்பில் யாரோ "ச்சே" என்றது கேட்டது.

இடைவேளையில் அவர் எங்களை வெளியே கூட்டிப்போனார். காற்று நிரப்பிய ஒரு பழைய குழாயில் நான்கு ஃபிளாஞ்ச். ஒன்றில் வேண்டுமென்றே போல்ட்டைத் தளர்த்தி வைத்திருந்தார். காதுக்கு எதுவும் கேட்கவில்லை, கைக்கும் எதுவும் படவில்லை. சோப்புத் தண்ணீரைப் பிரஷால் தடவினார். மூன்று ஃபிளாஞ்சில் நுரை அப்படியே வழிந்து இறங்கியது. நான்காவதில், கேஸ்கெட்டின் அடிப்பக்கத்தில், கடுகளவு குமிழி ஒன்று கிளம்பி மிளகளவாகி வெடித்தது. அதே இடத்தில் அடுத்தது. ஒரு நிமிடம் எல்லாரும் குனிந்து அதையே பார்த்தோம். மேல்பக்கம் மட்டும் தடவிவிட்டுப் போயிருந்தால் தப்பியிருக்கும். அதனால்தான் முழுச் சுற்றும் தடவச் சொல்கிறார்.

நீராவிக் குழாயில் மட்டும் இப்படிக் கிட்டே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். உயர் அழுத்த நீராவி வெளியே வரும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது தள்ளிப் போய்க் குளிர்ந்த பிறகு. சத்தம் மட்டும் கேட்டு வெள்ளை தெரியவில்லை என்றால் அங்கேயே நிற்க வேண்டும். கையை நீட்டித் துழாவினால் கை இருக்காது.

மறுபடி வகுப்பறை. போபாலின் மிச்சக் கதையை அவர் சுருக்கமாகவே சொன்னார். இரவு 11:30 வாக்கில் ஆலையில் இருந்தவர்களுக்குக் கண் எரிந்தது. தேடிப் போனார்கள். மேலே ஒரு குழாயிலிருந்து சொட்டுவதையும் கண்டுபிடித்தார்கள். மேற்பார்வையாளருக்கும் தகவல் போனது. அங்கே சிறு கசிவும் கண் எரிச்சலும் பழகிப்போனவை. தேநீர் இடைவேளைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. 12:40 வாக்கில் முள் கிடுகிடுவென்று ஏறி 55-ஐத் தாண்டி அளவுக்கு வெளியே போய்விட்டது. தொட்டி அருகே ஓடியவருக்கு உள்ளிருந்து உறுமல் கேட்டது, மேலே மூடியிருந்த கான்கிரீட்டிலிருந்து அனல் அடித்தது. காப்பு வால்வு திறந்துகொண்டது. நகரம் தூங்கிக்கொண்டிருந்தது.

"அழுத்தம் ஏறினது ஒருத்தருக்குத் தெரியும். கண் எரிஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியும். நைட்ரஜன் நிக்கலைங்கிறது வேற ஷிஃப்டுக்குத் தெரியும். மூணையும் ஒரே காகிதத்துல யாரும் எழுதலை" என்றார்.

அந்த ஆபரேட்டர்களைக் குற்றவாளிகளாக அவர் காட்டவில்லை. அது எனக்குச் சரியாகவே பட்டது. குளிர்விப்பானை நிறுத்தியதும், வெளியேறும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாயைக் கழற்றி வைத்திருந்ததும் அவர்கள் எடுத்த முடிவுகள் அல்ல. நிர்வாகம் எடுத்தவை. முள்ளைச் சரியாகப் படித்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியது நேரம், ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். அவ்வளவு நேரத்தில் ஊரை எழுப்பியிருக்கலாம்.

முன்வரிசைப் பையன் கையைத் தூக்கினான். "சார், ராத்திரி ரெண்டு மணிக்கு உங்களை எழுப்பி, வந்து பார்த்தா ஒண்ணுமே இல்லைன்னா?"

"கேஜ் மாட்டியிருக்கும், இல்லன்னா யாரோ சொல்லாம வால்வைத் திறந்திருப்பாங்க. அப்பவும் ஒரு கோளாறு கண்டுபிடிச்சாச்சு தம்பி. கூப்பிடுங்க."

பிறகு அவர் ஷிஃப்ட் பதிவேட்டின் ஒரு பக்கத்தைக் காட்டினார். அழுத்தத்துக்கு வழக்கமாக ஒரு கட்டம்தான் இருக்கும். இந்த ஆலையில் மூன்று: போன தடவை எவ்வளவு, இப்போது எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு. வித்தியாசம் இருந்தால் அதற்கு எதிரே காரணம் எழுத வேண்டும். காரணம் தெரியாவிட்டால் 'தெரியாது' என்று எழுதி, யாரிடம் சொன்னோம் என்ற பெயரையும் நேரத்தையும் குறிக்க வேண்டும். வெளியே போகிறவரும் உள்ளே வருகிறவரும் அந்தப் பக்கத்தில் ஒன்றாக நின்று கையெழுத்துப் போட்டால்தான் ஷிஃப்ட் மாறியதாகக் கணக்கு.

ஆலைகளை நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: உங்கள் பதிவேட்டிலும் அந்த இரண்டு கட்டங்களைச் சேருங்கள். அதற்கு ஒரு ஸ்கேலும் பேனாவும் போதும்.